ஏழாம் நாளும் முதல் நாளும்



ஞாயிறு காலையில் பாறசாலையிலும் செறுவாரக்கோணத்திலும் அமரவிளையிலும் மணி அடிக்கும்போது சி.எஸ்.ஐ. சபையார், லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், இரட்சணிய சேனையார் என்று எல்லோரும் அவரவர் ஆலயத்துக்குப் புறப்படுகிறோம். அங்கே போய் பத்துக் கற்பனைகளைக் கேட்கிறோம். ஏழாம் நாளை ஓய்வுநாளாகக் கைக்கொள்ளும்படி அதில் ஒரு கற்பனை இருக்கிறது. நம் எண்ணிக்கையில் அது நான்காவது, கத்தோலிக்கர் எண்ணிக்கையில் மூன்றாவது. ஏழாம் நாள் சனிக்கிழமை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நம் பக்கங்களிலேயே சனிக்கிழமை கூடி ஆராதிக்கும் அட்வென்ட் சபையார் இருக்கிறார்கள். "வாசிப்பது ஒன்று, செய்வது ஒன்றா?" என்று அவர்கள் கேட்டால் நம் பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். அந்தக் கேள்வியை இன்று மழுப்பாமல் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் யூதருடைய ஓய்வுநாளை மரியாதையோடு பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே விளக்கேற்றிவிடுவார்கள், ஏனென்றால் ஓய்வுநாள் தொடங்கியபின் நெருப்பு மூட்டக்கூடாது. சனிக்கிழமைக்கு வேண்டிய சாப்பாட்டை வெள்ளியே சமைத்து வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை விற்பதில்லை, வாங்குவதில்லை, பயணம் போவதில்லை. நம் மாநிலத்திலேயே, கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்தைச் சுற்றிய தெருவில் நூற்றாண்டுகளாக இப்படித்தான் வாரம் முடிந்தது. பிறகு அந்த மக்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

இந்த ஓய்வுக்கு வேதம் இரண்டு காரணங்கள் சொல்கிறது. யாத்திராகமம் படைப்பைச் சொல்கிறது: ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கிய தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் ஐந்தாம் அதிகாரம் அதே கற்பனையைத் திரும்பச் சொல்லும்போது காரணத்தை மாற்றுகிறது. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அங்கிருந்து உன்னைக் கொண்டுவந்தார். ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய்ந்திருக்கட்டும், மாடும் கழுதையும்கூட ஓய்ந்திருக்கட்டும் என்கிறது. இந்த இரண்டாவது காரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதைக்குள் நுழையும்போது அது வேண்டும்.

இயேசு யூதர். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது அவருக்கு வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். அவர் வெள்ளிக்கிழமை அடக்கம்பண்ணப்பட்டபோது, கலிலேயாவிலிருந்து வந்த பெண்கள் கந்தவர்க்கங்களையும் பரிமள தைலங்களையும் ஆயத்தம்பண்ணினார்கள். ஆனால் உடனே கல்லறைக்கு ஓடவில்லை. கற்பனையின்படி ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள். அது முடிந்து, வாரத்தின் முதல் நாள் அதிகாலையில்தான் கையில் தைலத்தோடு போனார்கள். கல் புரட்டப்பட்டிருந்தது. ஞாயிறு ஆராதனையின் வேர் இந்த விடியற்காலைதான். ஏழாம் நாளை யாரும் ஒதுக்கித் தள்ளிவிட்டு முதல் நாளைப் பிடிக்கவில்லை. ஏழாம் நாளை ஒழுங்காகக் கைக்கொண்ட பெண்கள்தான் முதல் நாளின் செய்தியை முதலில் கேட்டார்கள்.

இனி துரோவா பட்டணத்துக்குப் போவோம். அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரம். வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கச் சீஷர்கள் கூடியிருக்கிறார்கள். மேல்வீடு, பல விளக்குகள், நடுராத்திரிவரை நீளும் பவுலின் பேச்சு. ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். ஏன் ராத்திரியில் கூடினார்கள்? ரோம ராஜ்யத்தில் வாரத்தின் முதல் நாள் வேலைநாள். சபையில் பலர் அடிமைகள், கூலிக்காரர்கள். பகலில் அவர்களை யார் விடுவார்கள்? யூதக் கணக்கில் நாள் மாலையில் தொடங்குவதால், இது நம் கணக்கில் சனி இரவா ஞாயிறு இரவா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படியிருந்தாலும் அது வேலை செய்து களைத்தவர்களின் கூட்டம். அந்த வாலிபன் தூங்கியதை நான் ஒருபோதும் குற்றமாகப் பார்த்ததில்லை.

கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துவிட்டுச் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த தகவல். கிழமையின் பெயரை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்வது, சுமார் 40 ஆண்டுகள் கழித்து ரோமில் எழுதிய யுஸ்தீன். பட்டணத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூடுகிறார்கள், அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளும் வாசிக்கப்படுகின்றன, மூப்பர் பேசுகிறார், அப்பமும் திராட்சரசமும் பகிரப்படுகின்றன, காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் போகிறது என்று விவரிக்கிறார். காரணமும் சொல்கிறார்: தேவன் இருளை மாற்றி உலகத்தை உண்டாக்கிய நாள் அது, கிறிஸ்து எழுந்த நாளும் அது. வேலையை விடுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்திதான் சனியை ஞாயிறாக மாற்றினார் என்றோ, ஒரு போப் மாற்றினார் என்றோ யாராவது சொன்னால், அது தவறு என்று தயங்காமல் சொல்லலாம். கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டது 321 மார்ச் 7-ஆம் தேதி. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே ஞாயிறு ஆராதனை ஊன்றிவிட்டது. அவர் புதிதாகக் கொண்டுவந்தது விடுமுறை. நீதிபதிகளும் நகரவாசிகளும் கைவினைஞர்களும் அந்த நாளில் ஓய்ந்திருக்க வேண்டும் என்றார். அதிலும் விவசாயிக்கு விலக்கு: விதைப்பதற்கும் திராட்சை நடுவதற்கும் ஏற்ற பருவம் தவறக்கூடாது என்பதால் அவன் வேலை செய்யலாம். அதன்பின் அந்த நூற்றாண்டிலேயே லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கிறிஸ்தவர்கள் யூதரைப்போல சனிக்கிழமை ஓய்ந்திருக்கக்கூடாது என்று விதித்தது. அப்படி விதிக்க வேண்டியிருந்தது என்றால், பலர் சனியையும் கைக்கொண்டு வந்தார்கள் என்று அர்த்தம். எத்தியோப்பியத் திருச்சபை இன்றும் இரண்டு நாளையும் மதிக்கிறது. லவோதிக்கேயா விதியில் வழிபாட்டு ஒழுங்கு மட்டுமல்ல, யூதர்மேல் வளர்ந்துவந்த பகையும் இருக்கிறது. அதை நாம் துக்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்கிறேன். ஓய்வுநாள் கற்பனை சனியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றப்பட்டது என்று சொல்லும் வசனம் புதிய ஏற்பாட்டில் இல்லை. கூடி ஆராதிப்பதும் வேலையை விட்டு ஓய்வதும் தனித்தனி நூல்கள். முதல் நூல் கல்லறையில் தொடங்கியது, இரண்டாவது சீனாயில். இரண்டையும் இறுக்கி முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பியூரிட்டன்கள். கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோடு ஓய்வுநாள் முதல் நாளுக்கு மாறிவிட்டது என்று அவர்களுடைய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அறிவித்தது.

அந்த முடிச்சுதான் கப்பலேறி நம்மிடம் வந்தது. 1795-இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தில் பெரும்பாலோர் பியூரிட்டன் மரபில் வந்தவர்கள். 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே ஜெர்மன் லுத்தரன்தான். ஆனால் அவருக்குப் பின் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று மிஷன் நிலையங்களை நடத்திய மீட், ஆப்ஸ், மெட்டீர் போன்றவர்கள் ஞாயிறு என்றால் முழு ஓய்வு என்று நம்பியவர்கள்.

அந்த நாளில் இங்கே இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். நாடார், பறையர், புலையர் முதலான மக்கள் அரசுக்கு 'ஊழியம்' செய்ய வேண்டும். கூலி கிடையாது. பார்வத்தியக்காரரின் ஆள் வாசலில் வந்து கூப்பிட்டால் பனையேற்றத்தையும் வயலையும் விட்டுவிட்டு உப்பு சுமக்கவோ, ஓலை வெட்டிக் கொடுக்கவோ, அதிகாரியின் மூட்டையைத் தூக்கவோ போக வேண்டும். எந்தக் கிழமை என்ற பேச்சே இல்லை. புலையரிலும் பறையரிலும் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்தான்.

இப்படிப்பட்ட ஊரில் சபையில் சேர்ந்தவனுக்கு ஞாயிறு என்ன பொருள் தந்தது? மிஷனரிகள் மன்றாடி, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து அரசு விலக்கு அளித்தது. கோயில் சார்ந்த ஊழியத்திலிருந்தும் விலக்கு கிடைத்தது. மற்ற ஆறு நாளும் பழையபடிதான். ஆணை இருந்தும் கீழ்நிலை அதிகாரிகள் ஞாயிறன்று ஆளைப் பிடித்த முறைப்பாடுகள் தொடர்ந்தன. ஆனாலும், "இன்று வரமாட்டேன், எனக்கு ஆராதனை" என்று சொல்ல வாரத்தில் ஒரு நாள் அவனுக்கு உண்டானது. உபாகமம் சொன்ன ஓய்வு இதுதானே? பியூரிட்டனின் வாதத்தை வசனம் வசனமாக நிறுத்துப் பார்த்தால் எனக்கு அது முழுதாக நிற்கவில்லை. ஆனால் அவன் போட்ட முடிச்சினால்தான் எகிப்தின் அடிமைக்குக் கொடுத்த நாள் நெய்யாற்றின்கரை அடிமைக்கும் வந்து சேர்ந்தது. அதற்காக நான் தேவனைத் துதிக்கிறேன்.

அதே காலத்தில், திருநெல்வேலிச் சீமையில் ஒரு தமிழர் வேறு முடிவுக்கு வந்தார். நாசரேத்தில் மிஷன் ஊழியராக இருந்த அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்டவர். மிஷனரிகளோடு அவருக்கு மோதல் வந்தது. நாடார்களைத் தாழ்த்தி 1849-இல் கால்டுவெல் எழுதிய புத்தகமும் அந்தப் புண்ணைக் கிளறியது. 1857-இல் அவர் பிரிந்து, நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் இந்து ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் சேர்த்ததையெல்லாம் கழித்துவிட்டு வேதத்தில் இருப்பதை மட்டும் எடுப்போம் என்பது அவர் எண்ணம். அப்படிப் பார்த்தபோது ஓய்வுநாள் அவருக்குச் சனிக்கிழமையாகவே தெரிந்தது. சபை சனிக்கிழமை கூடியது, பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் ஆசரித்தது. வெளிநாட்டு அட்வென்ட் மிஷனரி எவரும் அவருக்கு இதைக் கற்றுத்தரவில்லை. பிரகாசபுரத்தில் சனிக்கிழமையைக் கைக்கொள்ளும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் 1908-இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அட்வென்ட் மிஷனரி அங்கே வந்து வேலையைத் தொடங்கினார்.

எனவே பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் பிள்ளைகளிடம் இப்படிப் பதில் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் ஞாயிறு கூடுவது கர்த்தர் எழுந்த நாள் என்பதால். அப்போஸ்தலர் காலத்திலேயே அதன் தடம் இருக்கிறது. ஏழாம் நாள் மாறிவிட்டது என்று நாங்கள் வாதாடவில்லை. அது இன்றும் சனிக்கிழமைதான், யூதர் அதைக் கைக்கொள்வது சரியே. நீங்கள் சனிக்கிழமை ஓய்ந்திருந்தால் உங்களைக் குற்றப்படுத்த மாட்டோம், நாளைப் பற்றி ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்று ரோமருக்கு எழுதிய பவுல் எங்களைத் தடுக்கிறார். உங்களுக்கும் அவர் அதையேதான் எழுதியிருக்கிறார்.