நெறியாளருக்கு ஒரு கடிதம்

2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழையைக் கொட்டியது. அந்தப் பக்கம் சம்பா நெல்லில் ஆய்வு நடத்திய மாணவர் ஒருவர் கால நீட்டிப்புக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். "எல்லாம் போச்சு ஐயா" என்றால் போதாது. எத்தனை பாத்தி போயிற்று? ஒன்றிரண்டு என்றால் விடுபட்ட மதிப்பைக் கணக்கிட்டுச் சமாளிக்கலாம். மூன்று தொகுதிகளில் இரண்டு மூழ்கியிருந்தால் எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. "மூன்று மாதம்" என்று கேட்பதும் வீண். சம்பா நெல்லைத் தையில் திரும்ப நட முடியாது. அடுத்த ஆகஸ்டில்தான் நாற்று விட முடியும். ஆகவே அடுத்த சம்பா அறுவடை வரை கேளுங்கள். மழை அளவையும் தேதியிட்ட வயல் படங்களையும் இணையுங்கள்.