‘யாரும்’ என்பதில் பேரனும் அடங்குவானா?

கண்டியிலிருந்து குருநாகல் செல்லும் வீதியில் அமைந்த சிறு பட்டினம் கலகெதர. அதன் மேட்டுத் தெருக்களில் நெடுங்காலம் தபால் சுமந்த பெரியவர் ஒருவர் நமக்கு அயலவர். அவர் சென்ற மாதம் நம்மிடம் கேட்ட ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கைக் கைத்தொலைபேசியில் இயக்க அவர் விரும்பினார். இளைய பேரன் அருகில் அமர்ந்து உதவினான். கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்தால், வங்கி தன் ஏட்டிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக ஓர் ஆறிலக்கக் கடவெண்ணை அனுப்பும். ஓடிபி என்று நாம் எல்லோரும் அழைப்பது அதுவே. அதைச் சில நிமிடங்களுக்குள் பதித்தாக வேண்டும். பேரன் காத்திருந்தான், கடவெண் வரவில்லை. அது தோகாவுக்குப் போயிருந்தது! பெரியவரிடம் தொலைபேசி இல்லாத காலத்தில், வெளிநாடு செல்லவிருந்த மகனுடைய இலக்கமே வங்கி ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. மகன் வேலை முடிந்து செய்தியைக் கண்டபோது கடவெண் காலாவதியாகிவிட்டது.

மறுநாள் வங்கிக்கு நேரிற் சென்று, படிவம் நிரப்பி, இலக்கத்தை மாற்றினார்கள். அடுத்த தடை அடையாள அட்டை. பெரியவருடையது ஒன்பது இலக்கமும் V என்ற எழுத்தும் கொண்ட பழைய அட்டை. பேரன் அதைப் புதிய பன்னிரண்டு இலக்க முறைக்கு மாற்றிப் பதித்தான். வங்கி ஏட்டிலோ பழைய இலக்கமே இருந்தது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிழையைப் பேரனே கண்டுபிடித்துத் திருத்தினான். ஈற்றில் கடவெண் பெரியவரின் கைக்கே வந்து சேர்ந்தது.

“சொல்லுங்க தாத்தா,” என்றான் பேரன்.

பெரியவர் சொல்லவில்லை. முதல் நாள் வங்கியில் அவருக்குக் கூறப்பட்ட எச்சரிக்கை ஒன்றே ஒன்று: இந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. தொலைபேசியுடன் நம் வீட்டுக்கு வந்தார். “மாஸ்டர், ‘யாரும்’ என்பதில் என் பேரனும் அடங்குவானா?” என்று கேட்டார்.

முதியோர் இணையத்துக்கு அஞ்சுகின்றனர், பழமையில் ஊறியவர்கள் என்று பேசி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின் இந்தப் பெரியவரின் மூன்று நாட் கதையில் மூன்று வெவ்வேறு இடர்கள் உள்ளன. தோகாவுக்குப் போன கடவெண் வசதியின் குறை: கருவி கையில் இருந்தும், திறவுகோல் வேறொருவர் பெயரில் இருந்தது. அட்டை இலக்கத்தில் நேர்ந்தது திறனின் குறை: அதைப் பழகிய கண் தீர்த்துவைத்தது. மூன்றாவதோ குறையே அன்று. அது ஒரு தீர்ப்பு. வசதியை இரவல் வாங்கலாம். திறனையும் இரவல் வாங்கலாம். கடவெண்ணைக் கொடுத்தவன் எதைக் கொடுக்கிறான் என்பதே வினா.

2022ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். எரிபொருட் பஞ்சத்தில் கியூஆர் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் நான்கு லீட்டர் என்று அளந்தார்கள். அதற்கும் இணையத்திலேயே பதிய வேண்டியிருந்தது. அதற்கும் கடவெண் வந்தது. எனினும் முதியவர்கள் பெரிதும் தயங்கவில்லை. யாரோ ஒருவரின் தொலைபேசியிற் பதிந்து, கட்டத்தைத் தாளில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் திடீரென இணையத்தை நம்பிவிடவில்லை. அங்கே இழக்கக்கூடியது அந்த வாரத்தின் சில லீட்டர் மட்டுமே. வங்கிக் கடவெண்ணிலோ ஆயுட்காலச் சேமிப்பே அடங்கியிருக்கிறது. இரு இடங்களிலும் வசதியும் திறனும் ஒன்றே, பணயம் வேறு. ஆகவே நம்பிக்கையும் வேறாயிற்று.

பெரியவரின் ஐயத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. பொதி ஒன்று தேங்கிக் கிடக்கிறது, சிறு கட்டணம் செலுத்துக என்று தபால் திணைக்களத்தின் பெயரால் போலிச் செய்திகள் அண்மை ஆண்டுகளில் நாடெங்கும் பரவின. திணைக்களமே மக்களை எச்சரித்தது. தாம் உழைத்த திணைக்களத்தின் பெயரிலேயே பொய் வருவதை அவர் கண்டார். அச்செய்தியை இனங்காணும் வழியைப் பேரன் அவருக்குக் கற்பித்திருந்தான். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி .gov.lk என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் ‘post’ என்றிருப்பது சான்றாகாது. பணம் பெறுவதற்கு ஒருபோதும் கடவெண் தேவையில்லை என்பதையும் அவன் சொல்லிக்கொடுத்தான். இவற்றைக் கற்ற பின்னரே பெரியவரின் ஐயம் மிகுந்தது! திறன் வளர்ந்தால் நம்பிக்கை தானே வளரும் என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

ஆனால் அவர் நம்பிக்கையை அறியாதவர் அல்லர். காசுக்கட்டளை கொண்டுசென்ற நாட்களில், எழுத்தறியாத தாய்மார் அவர் காட்டிய இடத்தில் பெருவிரல் பதித்தார்கள். அவர்களுக்கு வாசிக்கும் திறன் இல்லை, நம்பிக்கை இருந்தது. ஏன்? மறுநாளும் அதே மனிதன் அதே படியில் ஏறி வருவான். தொகை குறைந்தால் அவனைக் கேட்கலாம். அவனுக்கு மேல் ஒரு கந்தோர் இருந்தது. நம்பிக்கை என்பது மனத்தின் மென்மையன்று. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஒருவர் உண்டு என்ற அறிவே நம்பிக்கை.

இன்றைய வங்கி முறையில் அந்த ஒருவர் யார்? இந்திய ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளர், வங்கி ஆகிய இருவர் மீதும் பிழையில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. கடவெண்ணைத் தானே பிறருக்குச் சொல்லியிருந்தாலோ, அறிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவருடையதே. பிரித்தானியா 2024 ஒக்ரோபரில் மேலும் ஓர் அடி வைத்தது. ஏமாற்றப்பட்டுத் தம் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும், 85,000 பவுண் வரை, அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாக ஈடு செய்ய வேண்டும். மிகக் கவனயீனமாக நடந்தவருக்கு மட்டுமே விலக்கு. இழப்பு எவர் தலையில் விழும் என்பது இயற்கை விதியன்று. மனிதர் எழுதும் விதி என்பதற்கு இவை சான்று.

இங்கேதான் அறத்தின் வினா எழுகிறது. இழப்பை முதியவர் மீது சுமத்திவிட்டு, நம்பும்படி அவருக்கே போதிப்பது நேர்மையா? ‘யாருக்கும் சொல்லாதே’ என்னும் கட்டளை, தனியே பார்த்து, தனியே வாசித்து, தனியே விரல் பதிக்கும் மனிதனுக்காக இயற்றப்பட்டது. முதுமையோ பிறர் கைகளோடு சேர்ந்து வாழ்வது. பேரன் இன்றித் தாத்தாவால் முறையை இயக்க இயலாது. பேரனிடம் சொன்னால் முறையை மீறியவர் ஆகிறார். இந்த முரணைப் படைத்தவர் தாத்தா அல்லர்.

நமது புள்ளிவிபரமும் இதைக் காண்பதில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை அளக்கும்போது ஐந்து வயது முதல் அறுபத்தொன்பது வயது வரையே எண்ணுகிறது. கருவி உண்டா, தானே இயக்க முடியுமா என்பன கேட்கப்படுகின்றன. எழுபதைக் கடந்த நம் பெரியவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2025 பெப்ரவரியில் கவ்பே தொடங்கி, அரச கொடுப்பனவுகள் ஒவ்வொன்றாகத் தொலைபேசிக்கு நகரும் காலத்தில், கணக்கில் இல்லாதவர் முகப்பிலும் இல்லாமற்போகக் கூடாது. மனிதர் அமர்ந்த ஒரு முகப்பு திறந்திருப்பது முதியோருக்கு இடும் பிச்சை அன்று. பதில் சொல்லும் கடமையின் கண்கண்ட வடிவம்.

பெரியவருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “வங்கியின் சொல்லில் பேரனும் அடங்குவான், ஐயா.” அவர் சிறிது யோசித்தார். கடவெண் தானே காலாவதியாயிற்று. மறுவாரம் அவர் இரண்டாவது கணக்கொன்றைத் திறந்து, அதில் ஐயாயிரம் ரூபாவை மட்டும் இட்டு, அதை மட்டும் தொலைபேசியோடு இணைத்தார். ஓய்வூதியம் பழைய புத்தகக் கணக்கிலேயே இருக்கிறது. சிறிய கணக்கின் கடவெண் வரும்போது பேரனிடமே தொலைபேசியைக் கொடுக்கிறார். தாம் தாங்கக்கூடிய அளவுக்கு நம்பிக்கையை அவரே அளந்துகொண்டார். மிகுதியை அளந்து தர வேண்டியவர்கள் வங்கியும் அரசுமே.