மறதியின் மேல் போட்ட கல்லா

“முதல் 30 நாள் இலவசம். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.” இந்த இரண்டு வாக்கியங்களிலும் பொய் கிடையாது. 31ஆம் நாளிலிருந்து கட்டணம் என்பதும் கீழே சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. கார்டு எண்ணை நாம்தான் கொடுத்தோம். அப்படியானால் பணம் போனது யார் குற்றம்? என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதைத்தான் கேட்டார். “எல்லாத்தையும் எழுதித்தானே போட்டிருக்கான் பாஸ்? படிக்காம விட்டது, அப்புறம் மறந்துபோனது, ரெண்டும் நம்ம தப்புதானே?”

சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. மறந்தது நாம்தான். ஆனால் அந்த மறதியை வைத்து எதிர்ப்பக்கம் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. மென்பொருள் எழுதுகிறவனாக எனக்குத் தெரிந்த பக்கம் அது.

இலவசக் காலம் முடிந்ததும் பணம் எடுக்க, தினமும் ஒரு நிரல் ஓடி, இன்றோடு யாருக்கெல்லாம் கெடு முடிகிறது என்று தேடும். அந்த நிபந்தனையையும், நினைவூட்டல் அனுப்பத் தேவையான நிபந்தனையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

```
WHERE trial_end = CURRENT_DATE
WHERE trial_end = CURRENT_DATE + 3
```

முதல் வரி இன்று பணம் எடுக்க வேண்டியவர்களைக் கண்டுபிடிக்கும். இரண்டாவது, மூன்று நாள் கழித்துப் பணம் போகப்போகிறவர்களைக் கண்டுபிடிக்கும். வித்தியாசம் ஒரு கூட்டல் குறியும் ஒரு எண்ணும்தான். அந்தத் தேதியை நாள் தவறாமல் ஞாபகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, நமக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவது பெரிய வேலையில்லை. அனுப்பாமல் இருப்பது பெரும்பாலும் யாரோ எடுத்த முடிவு.

வெளியேறும் வழியிலும் இப்படித்தான். அமேசான் ப்ரைம் சந்தாவை ரத்து செய்யும் பாதைக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் ‘இலியட்’. முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் ட்ரோஜன் போரைப் பற்றிய ஹோமரின் காவியம். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் தொடுத்த வழக்கில் அந்தப் பாதையை எண்ணியே காட்டியது: நான்கு பக்கங்கள், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகள். சேருவதற்கோ ஒன்றிரண்டு கிளிக் போதும். ரத்து செய்யப் போனவரிடம் ஒரு பக்கம் இழக்கப்போகும் சலுகைகளை அடுக்கும். அடுத்தது வேறு விலையில் தொடரச் சொல்லும். நடுவில் எங்கே திரும்பினாலும் சந்தா அப்படியே இருக்கும். 2025 செப்டம்பரில் தவறை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு.

இதில் எந்தப் பக்கத்திலும் பொய் இருந்தாக வேண்டியதில்லை. அதனால் ‘பொய் சொன்னானா?’ என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தளங்களை எடைபோட முடியாது. கிளம்புகிறவரிடம் கடைக்காரர் “இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தரட்டுமாண்ணே?” என்று ஒரு தடவை கேட்பது வியாபாரம். அதில் தப்பில்லை. வாசல் எங்கே என்று தேடவைப்பது வேறு. முதலாவதில் அவர் நம் மனதை மாற்றப் பார்க்கிறார். இரண்டாவதில் நம் மனம் மாறவேயில்லை, களைத்துப்போய்த் திரும்புகிறோம். அதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதுவதுதான் தப்பு.

என் அளவுகோல் இதுதான்: வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நாளைக்கே இந்தச் சந்தா ஞாபகம் வந்துவிட்டால், அந்த நிறுவனம் சந்தோஷப்படுமா, பயப்படுமா? 2020 மே மாதம் நெட்ஃப்ளிக்ஸ், சேர்ந்ததிலிருந்து ஒரு வருடமாக எதுவுமே பார்க்காதவர்களிடமும், இரண்டு வருடத்துக்கு மேல் எட்டிப்பார்க்காதவர்களிடமும் தொடரட்டுமா என்று கேட்கப்போவதாக அறிவித்தது. பதில் வராவிட்டால் சந்தாவை அதுவே ரத்து செய்யும். அவர்கள் மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் பெரிய தியாகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே மௌனத்துக்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம் கொண்டார்கள். மற்ற தளங்களில் அதே மௌனத்துக்கு ‘சரி, எடுத்துக்கோ’ என்று அர்த்தம். நம் மௌனத்தை யார் பக்கம் சாய்த்துப் படிக்கிறார்கள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

நண்பரின் கேள்விக்கு என் பதில்: மறந்தது நம் தவறுதான், அதற்கு ஒரு மாதக் கட்டணத்தைத் தண்டமாகக்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்தவர் மறப்பார் என்று தெரிந்து, அது நடக்கட்டும் என்று பக்கங்களை வரைந்தவரின் பொறுப்பு அதனால் குறைவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் கழித்துக்கொள்ளக் கூடாது.

இந்தியாவில் 2021 அக்டோபரிலிருந்து, கார்டிலிருந்து தானாகப் போகும் கட்டணங்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அடுத்த முறை அந்தக் குறுஞ்செய்தி வரும்போது அனுப்பியது யார் என்று பாருங்கள். உங்கள் வங்கியாக இருக்கும். அந்தத் தேதியை முதல் நாளிலிருந்தே குறித்து வைத்திருந்த தளத்திடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.