'இல்லை'க்கும் 'இல்லீங்க'வுக்கும் நடுவே



திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் காலை ஏழு மணிக்குமேல் எல்லா வீடுகளும் ஒரே அவசரத்தில் இருக்கும். எட்டரைக்குச் சிட்கோ தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளிலும் ஷிப்ட் தொடங்கிவிடும். அதற்குள் சோறு வடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட வேண்டும். அந்த அவசரத்துக்கு நடுவே பேசப்படும் பத்துப் பதினைந்து சொற்களில்தான் அந்த வீட்டின் மரியாதை முழுவதும் இருக்கிறது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பையன் இந்த ஊர்க்காரர், கட்டிங் மாஸ்டர். மருமகள் தேனிப் பக்கம். செக்கிங் வேலைக்கு வந்த இடத்தில் பழக்கமாகி, இரண்டு வீட்டாரும் சம்மதித்துக் கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் மாமியார் கேட்கிறார்: "காப்பி குடிச்சயா கண்ணு?" மருமகள் சிரித்த முகத்தோடு, "இல்லை அத்தை" என்கிறாள். மாமனார் கேட்கிறார்: "தம்பி கெளம்பிட்டானா?" "ஆமா மாமா" என்று பதில் வருகிறது. அவள் குரலில் பணிவு இருக்கிறது. எழுந்து நின்றுதான் பேசுகிறாள். ஆனாலும் மாமியார் மனதில் சின்னதாக ஏதோ நெருடுகிறது. பக்கத்து வீட்டுக்காரியிடம், "புள்ள நல்ல புள்ளதான், பேச்சுத்தான் வெடுக்குனு இருக்குது" என்கிறார்.

மருமகள் தவறாக எதுவும் பேசவில்லை. அவள் ஊரில் மரியாதை இரண்டு இடங்களில் வரும். ஒன்று 'நீங்க' என்கிற சொல். மற்றொன்று ஏவல்: வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க. இவை இரண்டையும் அவள் ஒருநாளும் விட்டதில்லை. கொங்கு நாட்டிலோ 'ங்க' அதோடு நிற்பதில்லை. எதிரில் இருப்பவரைப் பற்றிய வாக்கியத்தில் மட்டுமல்ல, தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அது வால்போல ஒட்டிக்கொள்ளும். வந்தனுங்க, தெரியலீங்க, சரீங்க, ஆமாங்க, இல்லீங்க. மழை பெய்வதைச் சொன்னாலும் "மழை வருதுங்க"தான். மழைக்கு மரியாதை கொடுப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்குத்தான் அந்த 'ங்க' போய்ச் சேருகிறது. மற்ற ஊர்ப் பேச்சிலும் இது உண்டு. ஆனால் இங்கே இருக்கும் அளவுக்கு அடர்த்தியாக இல்லை. அதனால்தான் 'இல்லை' என்று வெறுமனே முடிகிற வாக்கியம் கொங்குக் காதுக்குப் பாதியில் வெட்டியதுபோலக் கேட்கிறது.

இதே கதை திரும்பியும் நடக்கும். மாப்பிள்ளை முதல் தீபாவளிக்குத் தேனிக்குப் போகிறார். மாமனார் எது கேட்டாலும் "சரீங்க மாமா", "வேண்டாமுங்க மாமா" என்கிறார். அங்கே இருப்பவர்களுக்கு, 'மாப்பிள்ளை ஏன் வேற்றாள்போல ஒதுங்கிப் பேசுகிறார்?' என்று தோன்றுகிறது. ஒரு ஊரில் அன்பாகக் கேட்பது இன்னொரு ஊரில் தூரமாகக் கேட்கிறது.

ஒருவரைப் பன்மையில் சொல்வது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. ஒருவரையே பன்மையால் குறிப்பது வழக்கிலே வந்த உயர்சொல், இலக்கண விதிப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே குறித்து வைத்திருக்கிறது. முதலில் 'நீர்' என்ற பன்மை ஒருவருக்கு மரியாதையாக ஆனது. அது தேய்ந்ததும் 'கள்' சேர்ந்த 'நீங்கள்' அந்த இடத்துக்கு வந்தது. 'அவர்' போதாமல் 'அவர்கள்' வந்தது. ஒரு மரியாதைச் சொல் பழகிப் பழகிச் சாதாரணமாகும்போது, தமிழ் அதன் தலையில் இன்னொன்றை ஏற்றி வைக்கிறது.

உறவுப் பெயர்களிலும் இந்தப் படிகளைப் பார்க்கலாம். மாமனார், மாமியார், நாத்தனார், கொழுந்தனார் எல்லாம் 'ஆர்' விகுதி சேர்ந்த மரியாதைப் பெயர்கள். ஆனால் இவை அந்த ஆள் இல்லாத இடத்தில் சொல்ல மட்டுமே. முகத்துக்கு நேரே 'மாமியாரே' என்று கூப்பிட்டால் சண்டைக்கு அழைப்பதாகிவிடும். நேரில் அத்தை, மாமாதான். அத்தை என்பது அப்பாவின் தங்கைக்கும் அக்காவுக்கும் உரிய பெயர். மாமா என்பது அம்மாவின் உடன்பிறந்தானுக்கு. முறைப்பெண், முறைமாப்பிள்ளை கட்டிவந்த சமூகத்தில் மாமியாராக வருகிறவர் பல வீடுகளில் சொந்த அத்தையாகவே இருந்தார். ஆகவே கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக ஒரு விளிச்சொல் தேவைப்படவில்லை. இப்போது அசலில் கட்டுகிற வீடுகளிலும் அதே சொல்தான் தொடர்கிறது. சில வீடுகளில் மருமகள் 'அம்மா' என்றே கூப்பிடுகிறாள். எது பிடிக்கும் என்று முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அத்தை என்று கூப்பிடுவாள் எனக் காத்திருந்த மாமியாருக்கு, 'அம்மா' என்பது அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டதுபோல இருக்கவும் கூடும்.

தாத்தா பாட்டிக்குக் கொங்கு நாட்டில் நான்கு தனிப் பெயர்கள் உண்டு. அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. அவர் மனைவி ஆத்தா. அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. அவர் மனைவி அமுச்சி அல்லது அம்மாயி. 'அப்பாரு' என்ற பெயருக்குள்ளேயே அந்த 'ஆர்' உட்கார்ந்திருக்கிறது. தேனிப் பெண் தன் அப்பனைப் பெற்றவளை 'அப்பத்தா' என்று கூப்பிட்டு வளர்ந்தவள். இங்கே வந்து 'தாத்தா, பாட்டி' என்று பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஒருநாள் அவள் வாயிலிருந்து 'அப்பாருங்க' என்று வந்துவிட்டால், அந்தக் கிழவர் திண்ணையில் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

பெயர் சொல்லக் கூடாது என்ற பழக்கமும் இதோடு சேர்ந்தது. மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. பேரன் என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பெயரைத் தாங்கியவன். மாமனார் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டமுடியுமா? அதனால்தான் அம்மாக்கள் 'சாமி', 'அப்பு', 'தம்பி' என்று வேறு பெயரில் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று பல பேருக்கு இருப்பதன் பின்னே இந்தக் காரணமும் இருக்கிறது.

பெற்ற தாய் தகப்பனுக்குப் பெரும்பாலான தமிழ் வீடுகளில் 'வணக்கம்' சொல்வதில்லை. வணக்கம் மேடைக்கும் வாசலுக்கும் உரியது. அம்மாவிடம் விடிந்ததும் கேட்கும் கேள்விதான் வணக்கம்: "எந்திரிச்சுட்டீங்ளா? கால்வலி எப்படி இருக்குதுங்க?" பல வீடுகளில் அப்பாவுக்கு 'நீங்க', அம்மாவுக்கு 'நீ'. அது மரியாதைக் குறைவல்ல, அம்மா அவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள். கொங்கு வீடுகள் பலவற்றில் அம்மாவுக்கும் 'ங்க' போகும். பதிலுக்குப் பெரியவர்களும் சின்னதுகளை, "வாங்க சாமி" என்று அதே 'ங்க'வால் கொஞ்சுவார்கள்.

வீட்டுக்கு வருகிறவரை 'வாங்க' என்று கேட்பது இங்கே கட்டாயம். கேட்பது என்றே சொல்வார்கள். "போனனுங்க, வான்னுகூட ஒருத்தரும் கேக்கல" என்ற வருத்தம் பல வருடம் நிற்கும். சம்பந்தி வந்தால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கேட்டால் கணக்கில் வராது. உட்கார்ந்திருந்தால் எழ வேண்டும். செல்போன் கையில் இருந்தால் கீழே வைக்க வேண்டும். செம்பில் தண்ணீர் கொடுத்த பிறகுதான் மற்றப் பேச்சு. புறப்படும்போது 'போறேன்' என்பது கிடையாது. "போயிட்டு வர்றனுங்க" என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு, இழவு வீடு. அங்கே யாரும் வாங்க என்று கேட்பதில்லை. கை கூப்பி வணக்கம் சொல்வதும் இல்லை. ஆண்கள் பேசாமல் கையை நீட்டித் துக்கம் கேட்பார்கள். திரும்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து வருவார்கள். வேற்றூர் மருமகள் பழக்கதோஷத்தில் அங்கே 'வாங்க' என்றுவிட்டால் பெரியவர்கள் முகம் மாறும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது மாமியாரின் வேலை.

காலில் விழுவது தமிழ்நாட்டில் தினசரி வழக்கம் அல்ல. முதலிபாளையத்தில் இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் பெரியவரைப் பார்த்ததும் குனிந்து பாதத்தைத் தொடுவார்கள். இங்கே கல்யாணம், பொங்கல், பரீட்சைக்குப் போகும் நாள், புது வேலையில் சேரும் நாள் போன்ற நேரங்களில்தான் விழுவது. ஆண் உடம்பு முழுவதும் தரையில் படக் கிடந்து கும்பிடலாம். அட்டாங்கம் என்று அதற்குப் பெயர். பெண் முழங்காலிட்டுக் குனிந்து, உள்ளங்கையும் நெற்றியும் தரையில் பட வணங்குவாள். கணவன் மனைவி சேர்ந்தே விழ வேண்டும். வாங்கிக்கொள்ளும் பெரியவர்களும் சேர்ந்தே நிற்க வேண்டும். ஆத்தா அடுப்படியில் இருந்தால் அப்பாரு காத்திருப்பார்.

படுத்திருப்பவரின் காலில் விழக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. கிடத்தியிருக்கும் உடலைத்தான் அப்படிக் கும்பிடுவார்கள். அதனால் படுக்கையில் இருக்கும் பாட்டியை முதலில் கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வைத்து, பிறகே விழுகிறார்கள். கோயிலுக்குள் சாமி முன்னால் மனிதர் காலில் விழுவதையும் தவிர்ப்பார்கள்.

விழாத வீடுகளும் உண்டு. பக்கத்து ஈரோட்டில் பிறந்த பெரியார் 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் வழியில் வந்த குடும்பங்களில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை. கை கூப்பி 'வணக்கம்' என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் மருமகளாக வந்து நிமிர்ந்து நின்று கை கூப்பினால், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது தவறு. அவள் தன் அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தாள். இஸ்லாமியக் குடும்பத்தில் ஸலாமும், கிறிஸ்தவக் குடும்பத்தில் ஸ்தோத்திரமும் அதே இடத்தில் வருகின்றன.

அந்த வீட்டுக்குத் திரும்பலாம். நான்காவது வாரம். எட்டுப் பத்து ஆகிவிட்டது. மாமியார் சமையல்கட்டிலிருந்து கேட்கிறார்: "கண்ணு, சோத்துப் போசி எடுத்துட்டயா?" செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மருமகள், கொஞ்சம் யோசித்து, தன் ஊர் ராகம் மாறாமலே சொல்கிறாள்: "இன்னும் இல்லீங்கத்தை."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு, போசியைத் தானே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார்.