சாவடிப் பேச்சு

மதுரவாயலைக் கடந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் ஊர்ப்பெயர்களைக் காண்பர். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். ஊரார் கூடியமர்ந்து பேசும் பொது இடமும் அதுவே. நடந்தும் வண்டி கட்டியும் பயணம் போன காலத்தில், முன்பின் அறியாத இருவர் ஒரே கூரையின் கீழ் அமர நேர்ந்தால் பேசாமலா இருந்திருப்பர்? இன்று அச்சாலையில் வாகனங்கள் இடைவிடாது விரைகின்றன. தங்கிச் செல்வார் இல்லை. சாவடி பெயரில் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஒரு மாலைப்பொழுதில் வேலப்பன்சாவடிப் பேருந்து நிறுத்தத்தில் நாம் காத்திருந்தோம். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், அருகில் நின்ற கல்லூரி மாணவரிடம், "தம்பி, பூந்தமல்லி வண்டி போய்விட்டதா?" என்று கேட்டார். அச்சாலையில் பூந்தமல்லிக்குச் செல்லும் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஒன்று போனால் சிறிது நேரத்தில் மற்றொன்று வரும். இளைஞர், "இப்பொழுதுதான் போனது, ஐயா. அடுத்தது வந்துவிடும்" என்றார். பெரியவர் வெயிலைப் பற்றிச் சொன்னார். எந்தக் கல்லூரி என்று கேட்டார். தம் பேரனுக்கும் அதே வயதுதான் என்றார். பேருந்து வந்து நின்றது. பெரியவர் ஏறவில்லை. "ஐயா, உங்கள் வண்டி!" என்று இளைஞர் பதறினார். பெரியவர் சற்றே நாணி, "எனக்கு வண்டி வேண்டாம், தம்பி. வீட்டில் யாருமில்லை, சும்மா வந்து நின்றேன்" என்றார்.

இந்தச் 'சும்மா' நம் நெஞ்சில் ஒரு கேள்வியை எழுப்பியது. சொல்வதற்குச் செய்தி ஒன்றும் இல்லாத நிலையில், தனிமை தாளாமல் பிறரிடம் பேச்சைத் தொடங்குவது முறையா? அவர் கேட்டது தகவல் அன்று. அவ்வகையில் அக்கேள்வி ஒரு சாக்கு. அந்த இளைஞரின் நேரத்தையும் கவனத்தையும் தம் வெறுமையை நிரப்பப் பயன்படுத்திக்கொண்டார் என்றும் குறை கூறலாம். 'பயனில சொல்லாமை' என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் நாட்டில் இதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

இவ்வினாவை மிக நுட்பமாக ஆராய்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1111இல் மறைந்த அப்பேரறிஞர், தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் நாவினால் விளையும் கேடுகள் இருபதை வரிசைப்படுத்துகிறார். பொய்யும் புறமும் அவ்வரிசையில் பின்னரே வருகின்றன. முதலில் அவர் வைப்பது, தனக்குத் தேவையற்ற பேச்சையே. பேசாதிருந்தால் பாவமும் இல்லை, இழப்பும் இல்லை என்னும் வகைப் பேச்சே அது. அதற்கு அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று, வழியில் எதிர்ப்படுவோரிடம் 'எங்கிருந்து வருகிறீர்?' என்று கேட்பது. கேட்பவருக்கு அது வெறும் பேச்சு. கேட்கப்பட்டவருக்கோ வெளியே சொல்ல இயலாத காரணம் இருக்கக்கூடும். உண்மையைச் சொன்னால் நாணமும் மன வருத்தமும் உண்டாகும்; மறைத்தால் பொய் சொன்னவராவார்; அந்தப் பொய்க்கு வழிவகுத்தவர் கேட்டவரே. நாம் கள்ளமின்றி எறிந்த ஒரு சொல் மற்றொருவரை இக்கட்டில் நிறுத்திவிடுகிறது என்பதே இமாமவர்களின் வாதம்.

வியப்பு யாதெனில், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு அறிஞர் இதே வினாவை எடுத்துக்கொண்டு நேர்மாறான முடிவுக்கு வந்தார் என்பதாகும். அவர் மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலார். நியூகினியாவை அடுத்த திரோபிரியாந்துத் தீவுகளில் அம்மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். 1923இல் எழுதிய கட்டுரை ஒன்றில், செய்தியைத் தெரிவிக்கும் நோக்கமின்றி, உறவை நிலைநாட்டுவதற்கே நிகழும் பேச்சு ஒன்று உண்டென்றும், அது எல்லா மக்களிடத்தும் காணப்படுகிறது என்றும் அவர் விளக்கினார். நலம் விசாரிப்பது, இன்று நல்ல பொழுது என்பது, எங்கிருந்து வருகிறீர் என்பது ஆகியவையே அவர் தந்த சான்றுகள். அறிமுகமில்லாத ஒருவர் வாய் திறவாமல் நம் அருகே நிற்பது அமைதி தருவதில்லை. உள்ளூர அச்சத்தையே தருகிறது. அந்த மௌனத்தை உடைத்து, 'நான் உமக்குப் பகைவன் அல்லன்' என்று உணர்த்துவதே இப்பேச்சின் பணி. சொல்லின் பொருள் இங்கே முக்கியமன்று. சொல்லப்பட்டது என்பதே போதும்.

ஒரே கேள்வி. ஒருவர் அதில் சுமையைக் கண்டார். மற்றவர் பாலத்தைக் கண்டார். இருவரில் யார் சொல்வது சரி? இருவர் கூற்றும் சரியே என்பது நம் கருத்து. அக்கேள்வி விடையைக் கட்டாயப்படுத்துகிறதா, விட்டுவிடுகிறதா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. நம் தமிழ் வழக்கு இதனை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுகொண்டது. வெளியே புறப்படுபவரைப் பார்த்து 'எங்கே போகிறீர்கள்?' என்று நம் பெரியோர் கேட்கமாட்டார்கள். 'தூரமா?' என்பார்கள். சகுனம் கருதி எழுந்த வழக்கு அது எனினும், அதன் பயன் சகுனத்தோடு நின்றுவிடவில்லை. 'தூரமா?' என்ற வினாவுக்கு 'இதோ, பக்கத்தில்தான்' என்று சொல்லிவிட்டு நடக்கலாம். பொய்யும் இல்லை, இரகசியமும் வெளிப்படவில்லை, உறவும் முறியவில்லை. விரும்பினால் நின்று விவரமும் சொல்லலாம். இமாமவர்கள் அஞ்சிய இக்கட்டு இதில் இல்லை. மலினோவ்ஸ்கி கண்ட பிணைப்போ குறையவில்லை.

பூந்தமல்லி வண்டியைப் பற்றிய வினாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 'போய்விட்டது' என்ற ஒரு சொல்லோடு அந்த இளைஞர் திரும்பிக்கொண்டிருக்கலாம். அதனால் யாருக்கும் மனக்குறை ஏற்பட்டிராது. இந்த அளவில் அச்சாக்கைப் பொய் என்று நாம் கொள்ளவில்லை. ஆயினும், எடுத்த எடுப்பிலேயே 'உமக்குச் சம்பளம் எவ்வளவு?', 'இன்னும் ஏன் திருமணம் ஆகவில்லை?' என்று தொடங்கியிருந்தால் அது வேறு. பேச்சுக்குப் பொருள் இல்லாதவர் பிறரது வாழ்வையே பொருளாக்கிக்கொள்ளும் செயல் அது.

நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. சாலையோரங்களில் அமர வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்தார்கள். தோழர்களோ, தாங்கள் கூடிப் பேசுவதற்கு அவ்விடங்களை விட்டால் வேறு வழியில்லை என்றார்கள். அதற்கு நபியவர்கள், அப்படியாயின் சாலைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், சலாமுக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அவ்வுரிமைகள். இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது, பேச வேண்டும் என்னும் மனிதத் தேவை மறுக்கப்படவில்லை என்பதே. அதற்கு வரம்பு கட்டப்பட்டது. அந்த வரம்பு, பேசிக்கொண்டிருப்பவர்களின் நலத்தைவிட, அவ்வழியே கடந்து செல்பவரின் நலத்தை முன்னிறுத்துகிறது.

ஏன் அப்படி? பொருளற்ற பேச்சு நெடுநேரம் பொருளற்றதாகவே நிற்பதில்லை. வெயிலும் வண்டியும் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிரிய மனமில்லாத இருவர் அப்போது புதிய சரக்கைத் தேடுவர். கைக்கு எட்டும் சரக்கு, அங்கே இல்லாத மூன்றாமவரே. அடுத்த வீட்டார், உடன் வேலை செய்வோர், மருமகள் என்று பேச்சு சூடுபிடிக்கும். சற்றுமுன் அறிமுகமான இருவருக்கு நெடுநாள் நட்பின் நெருக்கமும் தோன்றும். இமாமவர்களின் வரிசையில் தேவையற்ற பேச்சு முதலிலும் புறம் பின்னரும் வருவதை இந்த நடப்போடு நாம் பொருத்திப் பார்க்கிறோம். இதனை அறிந்துகொள்ள எளிய அடையாளம் உண்டு. நம் பேச்சில் இல்லாதவர் ஒருவரின் பெயர் அடிபட்டு, அதைச் சொல்லும்போது நம் குரல் தாழுமானால், சாவடிப் பேச்சு முடிந்துவிட்டது, வம்பு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். எழுந்துவிட வேண்டிய நேரம் அது.

சலிப்பும் தனிமையும் ஒன்றல்ல என்பதையும் இங்கே நாம் பிரித்தறிய வேண்டும். சலித்தவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். செய்தித்தாளோ வானொலியோ கிடைத்தாலும் போதும். தனித்தவனுக்கு யாராவது ஒருவர் வேண்டும். சலிப்பினால் பேசுகிறவன் விடையைக் காதில் வாங்குவதில்லை. அடுத்து தான் சொல்லப்போவதை எண்ணிக்கொண்டிருப்பான். எதிரில் இருப்பவர் அவனுக்கு ஒரு விளையாட்டுப் பொருள். தனிமையினால் பேசுகிறவரோ விடையைப் பற்றிக்கொண்டு அடுத்த கேள்வியைத் தொடுப்பார். பேசி முடித்தபின் அந்த இளைஞரின் ஊர் எது, படிப்பு என்ன என்று பெரியவரைக் கேட்டால் சொல்லியிருப்பார் என்றே நாம் நம்புகிறோம். நம்மை நாமே சோதிக்கவும் இது போதும்: நேற்று நாம் பேச்சுக்கு இழுத்தவர் கூறிய ஒன்றேனும் இன்று நினைவிருக்கிறதா?

இப்படிப் பேச்சுக் கொடுப்பது எதிரில் உள்ளவருக்குத் தொல்லை என்றே நம்மில் பலர் எண்ணி வாய் மூடியிருக்கிறோம். எப்லி, ஷ்ரோடர் என்னும் இரு உளவியலார் 2014இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைச் சோதித்தது. சிகாகோ நகரின் இரயில் பயணிகளில் ஒரு சாரார் அருகிலிருந்த அயலாரிடம் பேசும்படியும், மற்றொரு சாரார் தனித்திருக்கும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பேசினால் பயணம் கசக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. பேசியவர்களோ தனித்திருந்தவர்களைவிடத் தம் பயணம் இனிதாயிருந்தது என்றனர். ஆனால் இரயிலில் ஒரு வசதி உண்டு: இறங்கும் நிலையம் வந்ததும் பேச்சு தானே முடிந்துவிடும். அவ்வசதி இல்லாத இடங்களில் நிலை என்ன? 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்திலேயே முடிந்த உரையாடல்கள் நூற்றுக்கு இரண்டளவே இருந்தன. போதும் என்று எண்ணுபவர் மரியாதை கருதி அதனை வெளியே சொல்வதில்லை. ஆகவே, பேச்சைத் தொடங்கியவருக்கு ஒரு கடமை சேர்கிறது. முடிக்கும் வாயிலையும் அவரே திறந்து வைத்தல் வேண்டும்.

அந்தப் பெரியவர் இதனை அறிந்திருந்தார். தம் சாக்கு வெளிப்பட்டதும், "உங்கள் வண்டி வந்தால் எனக்காக நிற்காதீர்கள், தம்பி" என்றார். இளைஞர் அடுத்த வண்டியையும் விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வண்டியில் ஏறினார். படியில் நின்றவாறே, "நாளையும் இதே நேரத்துக்கு வருவேன், ஐயா" என்று அவர் சொன்னது நம் காதில் விழுந்தது. பெரியவர் அந்த வண்டி கண்ணுக்கு மறையும் வரை நின்று, பின் மெல்ல வீடு நோக்கி நடந்தார்.