எண்ணி முடித்த பிறகு

சனிக்கிழமை. பள்ளியில் யாரும் இல்லை. தேசூர்த் தெருவிலிருந்து தறிச் சத்தம் வருகிறது. மிதி விழுகிறது. அச்சு இடிக்கிறது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி.

மேசையில் ஒரு தாள். திங்கள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியது. புதிய மாணவர் மன்றத்துக்கு வாழ்த்து, போட்டியிட்ட மற்றவர்களுக்கு நன்றி. வாழ்த்து சீக்கிரம் வந்துவிட்டது.

நன்றி இன்னும் வரவில்லை.

*

‘தோற்றவர்கள்’ என்று எழுதுகிறேன். அடிக்கிறேன்.

‘வெற்றி வாய்ப்பை இழந்தவர்கள்.’ செய்தித்தாளில் படித்துப் படித்துப் பழகிய வரி. கையில் இருந்ததைத்தானே இழக்க முடியும்? அதையும் அடிக்கிறேன்.

தாளில் இரண்டு கோடுகள். கீழே வெள்ளை.

*

நேற்று மாலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் யாருக்கு எத்தனை என்று பார்ப்பதில்லை. மடித்த சீட்டுகளை மடித்தபடியே எண்ணுகிறோம். பெட்டிக்குள் இருப்பது கொடுத்ததைவிட அதிகமென்றால் அந்தத் தேர்தல் கெட்டது. குறைவென்றால் பரவாயில்லை, யாரோ ஒருவர் போடாமல் போயிருக்கிறார்.

கொடுத்தது 413. பெட்டியில் 412.

ஒரு சீட்டு யாருடைய சட்டைப் பையிலோ வீட்டுக்குப் போயிருக்கிறது. துவைக்கும்போது கரைந்துவிடும்.

*

பிறகுதான் பிரிக்கிறோம். மூன்று குவியல். ஓரமாக இன்னும் இரண்டு.

தலைவர் பதவிக்கு 172, 153, 61. யாரும் வேண்டாம் என்றவர்கள் 14. செல்லாதவை 12.

செல்லாதவற்றில் ஒன்றில் இரண்டு பெயர்களுக்கு முத்திரை இருக்கிறது. பக்கத்தில் பென்சிலில், ‘ரெண்டு பேருமே நல்லவங்க.’

அதைக் குவியலில் வைக்கச் சற்று நேரம் ஆகிறது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. கைதான் தயங்குகிறது.

*

172 வாங்கியவன் தலைவன். மற்ற இருவருடையதைச் சேர்த்தால் 214.

வாழ்த்துக்குக் கைதட்டப் போகிறவர்களில் பாதிக்கு மேல் அவனுக்குப் போடாதவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அவன் தலைவன். நன்றி அவர்கள் பக்கமும் போக வேண்டும்.

பேனாவைத் திறக்கிறேன். மூடுகிறேன்.

*

எண்ணிக்கையைச் சொல்வதா, பெயரை மட்டும் சொல்வதா? நேற்று ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி. எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் மனம் நோகும் என்றார் ஒருவர். சொல்லாவிட்டால் எண்ணினோமா என்றே சந்தேகம் வரும் என்றார் இன்னொருவர்.

எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது.

பொதுத்தேர்தலில் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் டெபாசிட் இழப்பார். 386-ல் ஆறில் ஒரு பங்கு 64 சொச்சம். 61 என்றால் போயிருக்கும். நல்லவேளை, இங்கே டெபாசிட் கிடையாது.

*

நேற்று எண்ணி முடித்ததும் அந்த 61-க்கு உரியவள் வாசலில் நிற்கிறாள். பையைத் தோளில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் தார் சுற்ற வேண்டும். ஊடைக்கு நூல் தயாராக இல்லையென்றால் அப்பாவின் தறி நிற்கும்.

“மிஸ், எனக்கு எத்தனை?”

“அறுபத்தொண்ணு.”

அழுவாள் என்று நினைக்கிறேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போடுகிறாள்.

“எங்க கிளாஸ்ல முப்பத்தெட்டு பேர்தானே மிஸ்.”

அவள் வகுப்பு முழுவதும் போட்டிருந்தாலும் வெளியிலிருந்து 23 பேர். அந்த முகங்களைத் தேடிக்கொண்டே படியிறங்குகிறாள்.

நான் 386-ஐ வைத்துப் பார்க்கிறேன். அவள் 38-ஐ வைத்துப் பார்க்கிறாள்.

*

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்.

ஜெயித்தவன் பேச்சில் விளையாட்டு மைதானம் வந்தது. இரண்டாவதாக வந்தவன் பேச்சில் ஆண்டு விழா வந்தது. தாழ்ப்பாள் அவள் பேச்சில் மட்டும்.

இப்போது கதவை ஒருத்தி உள்ளே இருந்து காலால் அழுத்திக்கொள்கிறாள். அல்லது தோழி வெளியே நிற்கிறாள்.

தாளில் எழுதுகிறேன். ‘மன்றத்தின் முதல் கூட்டத்தில் தாழ்ப்பாள் பேசப்படும். அதைக் கேட்ட வேட்பாளரும் அழைக்கப்படுவார்.’

இது நன்றிதானா, தெரியவில்லை. அடிக்கவில்லை.

*

வந்தவாசியைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறை.

குடவோலையில் ஓட்டு இல்லை. யாரும் இத்தனை வாங்கினார் என்பதும் இல்லை. எடுக்கப்படாத ஓலைகள் குடத்துக்குள்ளேயே கிடந்திருக்கும்.

நிலம் இல்லாதவர் ஓலை குடத்துக்குள்ளேயே போகாது. அதுவும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

குடத்தின் உட்புறத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருட்டு. ஓலை வாசனை.

*

கல்லூரி மாணவர் தேர்தலுக்கு லிங்டோ குழு சொன்ன விதிகளை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. செலவு ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும். எல்லோரும் பேசுவது இவற்றைத்தான்.

யாரும் பேசாத ஒரு விதி அதில் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய எல்லா வேட்பாளர்களுக்கும் கூட்டாகப் பொறுப்பு. ஜெயித்தவர், மற்றவர் என்று பிரிக்கவில்லை.

நம்முடையது பள்ளிக்கூடம். அந்த விதி நம்மைக் கட்டாது. ஆனாலும் நேற்று அதை மூவருக்கும் படித்துக் காட்டினேன்.

*

காலடிச் சத்தம்.

மூவரும் வருகிறார்கள். கையில் வாளி, பழைய துணி, ஒரு இரும்புத் தகடு. நான் ஜன்னலோரம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

சார்ட் அட்டைகள் கழன்றுவிடுகின்றன. வீட்டுக் கஞ்சியைப் பசையாகப் போட்டிருக்கிறார்கள், அது சுவரை விடவில்லை. தண்ணீர் தெளித்து ஊறவிடுகிறார்கள். ஊறும்வரை வேலை இல்லை. திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சில்லை.

தலைவன் எழுந்து தகட்டை எடுக்கிறான். தன் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டாமல் அவள் பெயர் இருந்த இடத்தில் தொடங்குகிறான். பக்கத்தில் இருந்தது அதுதான், அவ்வளவுதான் காரணமாக இருக்கலாம்.

“மெதுவா, சுண்ணாம்பு பேருது” என்கிறாள் அவள்.

*

தாளைப் பார்க்கிறேன். ‘போட்டியிட்டவர்கள்’ என்று எழுதுகிறேன். மூவருக்கும் ஒரே சொல். வாழ்த்துக்கு மேலே அதை நகர்த்தலாமா என்று யோசிக்கிறேன்.

தெருவில் ஒரு தறி நிற்கிறது. சாப்பாட்டு நேரம் போல. இன்னொன்று ஓடுகிறது.

சுவரில் மூன்று ஈரச் சதுரங்கள். ஓரத்திலிருந்து காய்கின்றன.