எத்தனாலை விடாத தண்ணீர்

நீரற்ற மயில்துத்தம் வெள்ளைப் பொடி. அதில் ஒரு சிட்டிகை எடுத்து, ஐந்தாறு முறை காய்ச்சி வடித்த எத்தனாலில் போட்டுக் குலுக்கினால் பொடி நீலமாகிறது. நீலம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. வடித்த மாணவருக்கு இது எரிச்சலைத் தரும். வெப்பமானி 78.2 பாகை செல்சியசில் ஏறாமல் இறங்காமல் நின்றதே, கொதிநிலை மாறாமல் நின்றால் அது தூய பொருள் என்றுதானே படித்தோம் என்பார். தூய எத்தனாலின் கொதிநிலை இதைவிடச் சுமார் 0.2 பாகைதான் அதிகம். பள்ளி வெப்பமானியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது.

அவர் கையில் இருப்பது எடையில் 95.6 சதவீதம் எத்தனாலும் 4.4 சதவீதம் தண்ணீரும். ஏழாம் முறை வடித்தாலும் இதேதான் வரும். எத்தனை உயரமான வடிகோபுரம் கட்டினாலும் சாதாரணக் காற்றழுத்தத்தில் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. ரெக்டிஃபைடு ஸ்பிரிட் ஏறத்தாழ இந்தச் செறிவில் நின்றுபோவதற்குக் காரணம் ஆலையின் சிக்கனமல்ல, இந்தக் கோடுதான்.

கோடு ஏன் அங்கே விழுகிறது என்று பார்க்க, முதலில் அது இல்லாத ஒரு உலகத்தைக் கற்பனை செய்ய வேண்டும். பிரான்சில் கிரனோபிளில் வேலை செய்த ரௌலட் 1880களில் அந்த உலகத்துக்கு விதி எழுதினார். கலவையில் ஒரு திரவம் எத்தனை பங்கு இருக்கிறதோ, தனியாக இருக்கும்போது அதற்குள்ள ஆவி அழுத்தத்தில் அத்தனை பங்கைக் காட்டும். மூலக்கூறுகளில் பாதி அதுவென்றால் அழுத்தமும் பாதி. பக்கத்தில் இருப்பது யார் என்பது மூலக்கூறுக்குப் பொருட்டே இல்லை. பென்சீனும் டொலுவீனும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கின்றன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. இத்தகைய நல்லியல்புக் கலவையில் எளிதில் ஆவியாகும் திரவம் எல்லாச் செறிவிலும் ஆவியில் முந்தும். ஆகவே திரும்பத் திரும்ப வடித்தால், கொள்கையளவில், எவ்வளவு தூய்மை வேண்டுமானாலும் கிடைக்கும்.

இப்போது நம் கலவையை இந்த விதியில் வைத்துப் பார்ப்போம். எடைக் கணக்கை மூலக்கூறுக் கணக்காக மாற்றினால், அந்த 95.6 சதவீத எத்தனாலில் ஆயிரம் மூலக்கூறுக்கு 895 எத்தனால், 105 தண்ணீர். தண்ணீர் மூலக்கூறு எடை குறைந்தது என்பதால் எண்ணிக்கையில் இத்தனை வருகிறது. 78.2 பாகையில் தூய எத்தனாலின் ஆவி அழுத்தம் பாதரசக் கணக்கில் சுமார் 755 மில்லிமீட்டர். தூய தண்ணீரின் அழுத்தம் சுமார் 330. ரௌலட் சொல்கிறபடி எத்தனாலிலிருந்து 676, தண்ணீரிலிருந்து 35, மொத்தம் 711 வர வேண்டும். கொதிக்க 760 தேவை. விதிப்படி இந்தக் கலவை இந்த வெப்பநிலையில் கொதிக்கவே கூடாது. ஆனால் கண்ணெதிரே கொதிக்கிறது.

குறையும் அழுத்தத்தைத் தருவது யார்? வடிந்து வரும் ஆவியும் திரவமும் ஒரே செறிவில் இருப்பதால், 760ஐ அதே விகிதத்தில் பிரித்தால் போதும்: எத்தனாலுக்கு 680, தண்ணீருக்கு 80. எத்தனால் விதியிலிருந்து அசையவே இல்லை என்று சொல்லலாம். தண்ணீரோ 35 தர வேண்டிய இடத்தில் 80 தருகிறது, அதாவது 2.3 மடங்கு. சுற்றிலும் எத்தனால் சூழ்ந்த இடத்தில் தண்ணீர் மூலக்கூறு தன் வீட்டில் இருப்பதைவிட அத்தனை மடங்கு வேகமாக வெளியேறத் துடிக்கிறது.

இந்த 2.3 தற்செயலாக வந்த எண் அல்ல. 755ஐ 330ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 2.3. தண்ணீரைவிட எத்தனாலுக்கு இயல்பாகவே ஆவியாகும் திறன் 2.3 மடங்கு. எத்தனாலின் கூட்டத்தில் சிக்கிய தண்ணீருக்கு வெளியேறும் உந்துதல் 2.3 மடங்கு. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும் இடத்தில் யாரும் யாரையும் முந்துவதில்லை. ஆவியிலும் திரவத்திலும் ஒரே விகிதம். வடிப்பதற்கு ஆதாரமே அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அது போனபின் வடித்தல் வெறும் கொதித்தல்தான்.

தண்ணீர் நிறைய இருக்கும்போது கதை தலைகீழ். நூறு மூலக்கூறில் பத்து மட்டும் எத்தனாலாக உள்ள நீர்த்த கலவையைக் கொதிக்க வைத்தால், மேலே வரும் ஆவியில் நூற்றுக்கு 44 எத்தனால் இருக்கும். அங்கே அந்நியர் எத்தனால். வெளியே தள்ளப்படுவதும் அதுவே. அதனால்தான் நொதித்த ஊறலிலிருந்து சாராயம் முதல் வடிப்பிலேயே அவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது. ஆரம்பத்தில் உதவி செய்த அதே விலகல்தான் கடைசியில் குறுக்கே நிற்கிறது.

விலகல் இருந்தாலே கொதிநிலை மாறாக் கலவை வந்துவிடும் என்று நினைப்பது பரவலான தவறு. மெத்தனாலும் தண்ணீரும் ரௌலட் விதியிலிருந்து இதே திசையில்தான் விலகுகின்றன, ஆனால் அவற்றுக்கிடையே அப்படியொரு கலவை கிடையாது. மெத்தனால் 64.7 பாகையில் கொதிக்கிறது. அந்த வெப்பநிலையில் அதன் ஆவி அழுத்தம் தண்ணீருடையதைப்போல நான்கு மடங்கு. தண்ணீருக்குக் கிடைக்கும் உந்துதல் நான்கின் பக்கத்தில்கூட வருவதில்லை. மெத்தனால் கடைசிவரை முந்துகிறது, வடித்தே தூய்மையாக்கலாம். மறுபுறம் 1-புரோப்பனால் 97 பாகையில், தண்ணீரை ஒட்டியே கொதிப்பது. அங்கே இயல்பான வித்தியாசம் மிகக் குறைவு; விலகலோ இன்னும் பெரிது. எனவே எடையில் 72 சதவீதப் புரோப்பனாலிலேயே தராசு சமமாகிவிடுகிறது. கார்பன் ஒவ்வொன்றாகக் கூடக்கூட முட்டுச்சந்து முன்னதாகவே வந்துவிடுகிறது.

தண்ணீர் ஏன் அப்படித் துடிக்கிறது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகம் நேரான பதில் வைத்திருக்கிறது. தண்ணீர் மூலக்கூறு நான்கு பக்கமும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோர்க்கக்கூடியது. எத்தனாலின் ஒரு முனையில் மட்டும் அந்தக் கை இருக்கிறது. மறுமுனை எண்ணெய் போன்ற வால். வால்கள் சூழ்ந்த இடத்தில் தண்ணீருக்குத் தன் பழைய வலை கிடைப்பதில்லை, பிடிப்பு தளர்கிறது, வெளியேறுகிறது. இத்தகைய நேர்விலகல் உள்ள திரவங்கள் கலக்கும்போது வெப்பத்தை உறிஞ்சும், கன அளவு கூடும் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கும்.

அறை வெப்பநிலையில் 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் கலந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: குடுவை சூடாகிறது, கலவை 100க்குப் பதில் 96, 97 மில்லிலிட்டர்தான் இருக்கிறது. புத்தகம் சொன்னதற்கு இரண்டுமே நேர் எதிர். விலகல் மட்டும் நேர்விலகலேதான். எத்தனாலையே நேர்விலகலுக்கு உதாரணமாகக் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் இப்படி எழுதுவதை நான் பல புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். சோதனைச்சாலை பக்கத்து அறையில்தான் இருந்திருக்கும்.

விடை, வெளியேறும் விருப்பம் வெப்பக் கணக்கால் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதில் இருக்கிறது. தண்ணீர் மிகுந்த கலவையில் எத்தனாலின் வாலைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காக நின்றுகொள்கின்றன. பிணைப்பு நன்றாகவே அமைகிறது, அதனால் வெப்பம் வெளியாகிறது. ஆனால் இஷ்டப்படி திரும்பிப் புரளும் சுதந்திரம் போய்விடுகிறது. இழந்த சுதந்திரத்தின் விலை கிடைத்த வெப்பத்தை மிஞ்சுவதால் எத்தனால் வெளியே தள்ளப்படுகிறது. வெப்பநிலை ஏற ஏற அந்த ஒழுங்கு குலைகிறது. கொதிநிலையை நெருங்கும்போது, எத்தனால் மிகுந்த பக்கத்தில், கலத்தல் உண்மையிலேயே வெப்பத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. ஆக, நம் கோடு விழும் இடத்தில் புத்தகத்தின் விளக்கம் ஓரளவு பொருந்துகிறது. கைச்சூட்டில் இருக்கும் குடுவைக்குப் பொருந்தாது.

எதிர்த்திசை விலகலுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். அங்கே தண்ணீர் அந்த வாயுவை அயனிகளாக உடைத்து இறுகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுமே விதி சொல்வதைவிடக் குறைவாக ஆவியாகின்றன. எடையில் 20.2 சதவீத அமிலம் 108.6 பாகையில், தண்ணீரைவிடவும் உயரத்தில், மாறாமல் கொதிக்கிறது. நீர்த்த அமிலத்தைக் கொதிக்க வைத்தால் முதலில் தண்ணீர் போகிறது, அடர்ந்ததை வைத்தால் முதலில் வாயு போகிறது. எங்கே தொடங்கினாலும் குடுவையின் அடியில் மிஞ்சுவது அதே 20.2. எத்தனாலில் கோபுரத்தின் உச்சிக்கு வந்த கலவை, இங்கே அடியில் தங்கிவிடுகிறது.

மாறாத செறிவு, மாறாத கொதிநிலை என்று இருந்ததால் இவற்றைச் சேர்மங்கள் என்றே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1860 வாக்கில் ஹென்றி ரோஸ்கோ காற்றழுத்தத்தை மாற்றி அமிலங்களை வடித்துப் பார்த்தார். அழுத்தம் மாறியதும் அந்த ‘மாறாத’ செறிவும் மாறியது. சேர்மமாக இருந்தால் இப்படி நகராது. சந்தேகம் வரும்போது இன்றும் இதுவே சோதனை: வேறு அழுத்தத்தில் வடித்துப் பார்ப்பது.

எத்தனாலில் இதைச் செய்தவர்கள் வேடும் மெரிமனும். கொதித்தும் மாறாதது என்ற பொருளில் ‘அசியோட்ரோப்’ என்ற சொல்லை 1911இல் உருவாக்கியவர்களும் அவர்களே. அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலை குறைகிறது. குளிர்ந்த இடத்தில் எத்தனாலின் இயல்பான முந்துதல் 2.3லிருந்து மெல்லக் கூடுகிறது. தண்ணீரின் உந்துதல் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. கோடு தூய எத்தனால் பக்கம் நகர்ந்து, சுமார் 70 மில்லிமீட்டர் அழுத்தத்தில் மறைந்தே போகிறது. அப்படியானால் வெற்றிடத்தில் வடித்துவிடலாமே என்றால், அங்கே முந்துதல் நூலிழை அளவே. கோபுரத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டும், முப்பது பாகைக்கும் கீழே கொதிக்கும் ஆவியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடும் வேண்டும்.

அதனால் மூன்றாம் ஆளைக் கூப்பிட்டார்கள். 1902இல் சிட்னி யங் பென்சீனைச் சேர்த்தார். மூன்றும் சேர்ந்து 64.9 பாகையில் இன்னொரு கொதிநிலை மாறாக் கலவையாகி, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போயின. நீரற்ற எத்தனால் அடியில் தங்கியது. பென்சீன் புற்றுநோய் தருவது என்பதால் அந்த வேலை பின்னர் பெருமளவு சைக்ளோஹெக்சேனுக்குப் போனது. இன்று பெட்ரோலில் கலக்க எத்தனால் தரும் நம் வடிப்பாலைகளில் பெரும்பாலும் மூலக்கூறுச் சல்லடைதான். அதன் துளை சுமார் 3 ஆங்ஸ்ட்ராம். தண்ணீர் நுழையும், எத்தனால் நுழையாது. ஆவியாகும் திறனைக் கேட்காமல் உருவத்தை மட்டும் பார்ப்பதால் 95.6 அதற்குத் தடையல்ல. இரண்டு கலன்கள் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒன்று தண்ணீரைக் குடிக்கும்போது, மற்றதை வெற்றிடத்தில் வைத்து, செய்து முடித்த எத்தனால் ஆவியில் கொஞ்சத்தையே செலுத்திக் கழுவுகிறார்கள். அந்தக் கழுவிய ஈர எத்தனால் திரும்பவும் பழைய வடிகோபுரத்துக்கே போகிறது.